வைரத் தோட்டுக்கு ‘100% எக்ஸ்சேஞ்ச்’: எந்தத் தொகைக்கு நூறு?

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
தங்கள் நகை நிறுவனத்தின் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஏழுகல் வைரத் தோட்டைத் திரும்ப எடுப்பதற்குத் தங்கள் கிளை போட்டுக் கொடுத்த மதிப்பீடு தொடர்பான புகார்.

ஐயா / அம்மா,

2022 மே மாதம் தங்கள் கிளையில் வாங்கிய ஏழுகல் தோட்டை விற்பதற்காகக் கொண்டுவந்தபோது, கிளையில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டு தந்தார்கள். வாங்கும்போது கொடுத்த துண்டறிக்கையில் “வைரத்துக்கு 100% எக்ஸ்சேஞ்ச், 90% பைபேக்” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சீட்டில் உள்ள கணக்கு அந்த வாக்குறுதியோடு ஒத்துப்போகவில்லை. எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை பில்லை வைத்தே சொல்கிறேன்.

ஜோடியில் 14 கற்கள், மொத்தம் 1.40 கேரட். கல்லுக்குச் சராசரி 10 சென்ட். ஈ.எஃப். நிறம், வி.வி.எஸ். தரம் என்று பில்லிலும் சான்றிதழிலும் இருக்கிறது. கேரட் 90,000 ரூபாய் வீதம் வைரத்துக்கு 1,26,000. அன்றைய சலுகையாகக் கேரட்டுக்கு 10,000 வீதம் 14,000 கழித்து 1,12,000 வாங்கினீர்கள். 18 கேரட் தங்கம் நிகர எடை 6 கிராம், கிராம் 3,800 வீதம் 22,800. செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 5,700. இவற்றின் மேல் 3% ஜி.எஸ்.டி. 4,215. கட்டிய தொகை 1,44,715.

இப்போது தருவதாகச் சொன்னது 1,19,700. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. ஆகியவை திரும்பாது என்பது விற்கப் போகிற யாருக்கும் தெரிந்ததுதான். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவை போக, தங்கத்துக்கும் வைரத்துக்கும் கொடுத்தது 1,34,800. அதோடு ஒப்பிட்டால் 15,100 ரூபாய்தான் குறைகிறது, பரவாயில்லையே என்று தோன்றும். தங்கத்தைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் உண்மை வேறு. 22,800 ரூபாய்த் தங்கத்துக்கு மதிப்பீட்டு நாளில் கிராம் 7,500 வீதம் 45,000 போட்டு, உருக்குச் சேதம் என்று 2% கழித்து 44,100 தருகிறீர்கள். வைரத்துக்கு வருவது 75,600 மட்டுமே. தங்கம் ஏறியிருக்காவிட்டால் கைக்கு ஒரு லட்சம்கூட வந்திருக்காது. (750 ஹால்மார்க் முத்திரை உள்ள தங்கத்துக்கு எதற்கு 2% கழிவு என்றும் தனியே விளக்கம் தேவை.)

1,12,000 எப்படி 75,600 ஆனது என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். சீட்டில் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி, “பில் விலை அல்லது இன்றைய விலை, எது குறைவோ அது.” இன்றைய விலையாகக் கேரட் 70,000 எடுத்து 98,000 போட்டிருக்கிறார்கள். 2022-க்குப் பிறகு இயற்கை வைரத்தின் விலை இறங்கியிருப்பது உண்மை. ஆய்வக வைரங்கள் மலிவாகக் குவிந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் விலை இறங்கினால் எனக்கு நஷ்டம், ஏறினால் பழைய பில் விலைதான் என்ற நிபந்தனையில் ஏற்றத்தின் பலன் மட்டும் எந்தக் காலத்திலும் வாடிக்கையாளருக்கு வராது. துண்டறிக்கையின் பெரிய எழுத்தில் இது இல்லை. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

அந்த 70,000 எங்கிருந்து வந்தது? அதே நாளில் அதே கவுன்ட்டரில் அதே தர ஏழுகல் தோட்டின் விலைச்சீட்டில் கேரட் 87,500 என்று இருந்தது. அதில் 20% பண்டிகைச் சலுகை போனால் சரியாக 70,000. அதாவது இன்றைய விலை என்று நீங்கள் எடுத்தது, சலுகை ஏற்கனவே கழிந்த விலை.

இரண்டாவது படியில், 2022-இல் தந்த 14,000 தள்ளுபடியை அந்த 98,000-இலிருந்து மறுபடி கழித்து 84,000 ஆக்கியிருக்கிறார்கள். பழைய பில் விலையை அடிப்படையாக வைத்தால் பழைய தள்ளுபடியைக் கழிப்பது நியாயம். சலுகை போன இன்றைய விலையை அடிப்படையாக வைத்துவிட்டு, அதிலும் பழைய தள்ளுபடியைக் கழித்தால் ஒரே நகைக்கு இரண்டு தள்ளுபடியையும் வாடிக்கையாளர் திருப்பிக் கட்டுகிறார். மூன்றாவது படியில்தான் 90% வருகிறது: 84,000-க்கு 75,600.

பணமாக வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் செய்துகொள்ளுங்கள், 100% கிடைக்கும் என்று விற்பனையாளர் சொன்னார். அதையும் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச் மதிப்பு 84,000. அதை வைர நகைக்கு மட்டுமே பயன்படுத்தலாம். தங்கக் காசுக்கோ வளையலுக்கோ ஆகாது. எக்ஸ்சேஞ்ச் தொகைக்கு நடப்புச் சலுகை பொருந்தாது என்பதால் புதிய வைரம் முழு விலையான 87,500 வீதம்தான். 84,000-க்கு 0.96 கேரட் வரும். 1.40 கேரட்டைக் கொடுத்துவிட்டு, அதே கடையில், அதே தரத்தில் 0.96 கேரட் வாங்கிக்கொள்வதற்குப் பெயர் 100% எக்ஸ்சேஞ்ச். அதற்குமேல் புதிய நகையின் செய்கூலியும், முழு பில்லுக்கு 3% வரியும் தனி.

வேறு கடைக்குப் போகலாமே என்று நீங்கள் சொல்லலாம். தங்கத்துக்கு ஊரறிந்த தினவிலை உண்டு. 10 சென்ட் கல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. பொடிக் கற்களை வியாபாரிகள் சூரத்திலிருந்து மொத்தமாக, சல்லடை அளவு பார்த்து வாங்குகிறார்கள். பதித்த கல்லைக் கழற்றினால் ஓரம் உடையலாம், தரம் பிரிக்கக் கூலி ஆகும். அதனால் பிற கடைகள் பெரும்பாலும் தங்கத்தை மட்டும் எடை போடுகின்றன, அல்லது கல்லுக்குப் பேருக்கு ஒரு தொகை சொல்கின்றன. ஆக, வாங்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். இன்றைய விலை எவ்வளவு என்று சொல்பவரும் நீங்களே.

இன்னொன்று. கிளை மதிப்பீட்டாளர் லென்ஸில் பார்த்துவிட்டு “இரண்டு மூன்று கல் ஜி.எச். மாதிரி தெரிகிறது” என்றார், அதாவது பில்லில் உள்ளதைவிட நிறம் ஒரு படி குறைவு என்று. சீட்டில் எழுதவில்லை. கல் தங்கத்தில் பதிந்திருக்கும்போது நிறத்தையும் தெளிவையும் ஓரளவுக்குத்தான் மதிப்பிட முடியும். நகைக்கான சான்றிதழ்களிலும் பதிப்பு அனுமதிக்கும் அளவுக்கே தரம் பார்க்கப்பட்டது என்று குறிப்பு இருக்கும். விற்றபோது அந்தச் சான்றிதழே போதுமென்றால், திரும்ப வாங்கும்போதும் அதுவே போதும். உடைசல், கீறல் இருந்தால் எந்தக் கல்லில் என்று எழுதிக் காட்டுங்கள்.

நான் கேட்பது இதுதான். துண்டறிக்கையில் சொன்னபடி, வைரத்துக்கு நான் உண்மையில் கொடுத்த 1,12,000-இல் 90%, அதாவது 1,00,800 தரவேண்டும். இன்றைய விலைதான் அடிப்படை என்று நீங்கள் உறுதியாக இருந்தால், பழைய தள்ளுபடியை மறுபடி கழிக்காமல் 98,000-இல் 90%, அதாவது 88,200-க்குக் குறையக்கூடாது. எந்த முடிவு எடுத்தாலும், இந்தத் தரத்துக்கு 2022 மே முதல் நீங்கள் வைத்திருந்த கேரட் விலையைத் தேதிவாரியாக எழுத்தில் தாருங்கள்.

15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறான விளம்பரம், நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். தோடு என்னிடமே இருக்கிறது. மதிப்பீட்டுச் சீட்டில் கையெழுத்திட்டுத் தரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில்லின் இரு பக்க நகல், சான்றிதழ் நகல், துண்டறிக்கை, கிளையின் மதிப்பீட்டுச் சீட்டு, கவுன்ட்டர் விலைச்சீட்டின் புகைப்படம்.