சர்க்கரை லோடா, வெங்காய லோடா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரிக்கு ரிட்டர்ன் லோடு தேடித் தரும் செல்போன் செயலிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். லோடு நிறையக் கண்ணில் படுகிறது என்பது உண்மைதான். அதில் எதை எடுப்பது என்ற கணக்கைக் கட்டுரை தொடவில்லை. சங்ககிரியில் ஒரு பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் சேலத்திலிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போனது வண்டி. முன்பெல்லாம் சரக்கை இறக்கிய பிறகுதான் புக்கிங் ஆபீஸ் வாசலில் போய் நிற்போம். இரண்டு மூன்று நாள் சும்மா போகும். இப்போது வண்டி ஹூப்ளியைத் தாண்டும்போதே, 'நாளை மாலை புனேயில் காலி, 18 டன், சேலம் பக்கம்' என்று செயலியில் போட்டுவிடுகிறேன்.

இரண்டு லோடு வந்தது. நாசிக் வெங்காயம் டன்னுக்கு 2,500 ரூபாய், கோலாப்பூர் சர்க்கரை 1,900 ரூபாய். இரண்டும் சேலத்துக்குத்தான். டிரைவர் தம்பி வெங்காயத்தையே எடுக்கலாம் என்றார். மொத்தத்தில் 10,800 ரூபாய் கூட வருகிறதே! ஆனால் நாசிக் இருப்பது புனேவுக்கு வடக்கே 200 கிலோமீட்டரில். காலியாகப் போய், ஏற்றிக்கொண்டு அதே தூரம் திரும்ப வேண்டும். காலி வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர், லோடோடு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 90 லிட்டர் டீசல், 8,000 ரூபாய்க்கு மேல். டோல் தனி. மண்டியில் ஒரு நாள் நின்றால் வண்டித் தவணையில் 1,500 ரூபாயும் டிரைவர் பேட்டாவும் போய்விடும். கோலாப்பூரோ ஊர் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. சர்க்கரையை எடுத்தோம், வாடகை 34,200. காலியாகவே திரும்பியிருந்தால் டீசலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 19,000 ரூபாய் கைக்காசு போயிருக்கும்.

இதில் ஏமாற்றும் உண்டு. ஒருமுறை நல்ல வாடகை சொன்ன ஒருவர், கேட் பாஸுக்கு 2,000 ரூபாய் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அங்கே லோடும் இல்லை, அப்புறம் அவர் போனும் எடுக்கவில்லை. வாடகையில் அட்வான்ஸ் நமக்குத்தான் வர வேண்டும், நாம் கட்டுவதல்ல. இன்றைக்கு, ஏற்றும் இடத்துக்கே நேராகப் பேசி உறுதி செய்யாமல் வண்டியைத் திருப்புவதில்லை. சரக்கு ஏறியதும் இ-வே பில்லில் நம் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்பச் சொல்கிறேன்.

செயலி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். லோடு விவரத்தில் டன் வாடகை மட்டும் இருக்கிறது. பாக்கித் தொகை எத்தனை நாளில் வரும், ஏற்றுமிடத்தில் வண்டி நின்றால் நாளுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதையும் அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். ஒற்றை லாரிக்காரன் தவணை கட்டும் தேதி அதை நம்பித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
சங்ககிரி.