சபரிமலைப் பயணம்: நண்பருக்கு ஒரு கடிதம்

துறையூர்
நவம்பர் முதல் வாரம்

அன்பு நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதைப் படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. இவ்வாண்டு தங்கள் ஊரிலிருந்து சபரிமலைக்குச் செல்லும் பேருந்தைப் பொறுப்பேற்று நடத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இதைச் செய்துவருபவன் என்ற முறையில், நான் தவறிக் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

புறப்படும் நேரத்தை வீட்டு வசதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலைப்பாதையை எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முன்பெல்லாம் மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவோம். அதனால் குமுளி மலைப்பாதையை இரவு இரண்டு மூன்று மணிக்கு, ஓட்டுநருக்குக் கண் சொக்கும் வேளையில் ஏற நேர்ந்தது. இப்போது இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, திண்டுக்கல்லில் தேநீருக்கு நிறுத்தி, விடிவதற்குள் தேனியைக் கடந்து வீரபாண்டியில் முல்லையாற்றில் குளித்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகே மலை ஏறுகிறோம். சிற்றுண்டியைக் குமுளி தாண்டியே வைத்துக்கொள்கிறோம். வயிறு நிறைந்த நிலையில் வளைவுகளில் ஏறினால் குழந்தைகளும் முதியவர்களும் வாந்தி எடுப்பார்கள். கூட்டம் மிகுந்த நாட்களில் காவல்துறையினர் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதுண்டு. ஆகவே நேரக் கணக்கில் இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர்கள் இருவர் இருக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்து ஓட்டலாகாது. அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது.

இனி, தலை எண்ணுவது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். பெரிய வண்டிகள் நிலக்கல்லிலேயே நின்றுவிடும். அங்கிருந்து பம்பைக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கேரள அரசுப் பேருந்தில் போய்வர வேண்டும். தரிசனம் முடிந்து ஒவ்வொருவரும் வெவ்வேறு பேருந்தில் இறங்குவதால், நம் கூட்டம் சிதறுவது இந்த இடத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன், திரும்பும் இரவில், நான் இருக்கைகளினூடே நடந்து எண்ணினேன். 46 பேர் என்ற கணக்கு சரியாகவே இருந்தது. எருமேலியில் தேநீருக்கு இறங்கியபோது ஒரு சாமி என்னிடம் வந்து, "இது சேலம் வண்டி இல்லையா?" என்று கேட்டார். அவர் கறுப்பு வேட்டியும் தாடியும் கண்டு நம்மவர் என்றே எண்ணியிருந்தேன். அப்படியானால் நம்மவர் ஒருவர் அங்கேயே விடுபட்டிருக்கிறார்! எழுபது வயதான அவர் வேறொரு நிறுத்தத்தில் நம் வண்டியைத் தேடி நின்றுகொண்டிருந்தார். இளைஞர் ஒருவர் அந்தச் சேலத்துச் சாமியையும் உடன் அழைத்துக்கொண்டு நிலக்கல்லுக்குத் திரும்பிப் போய் அவரைக் கூட்டிவர மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட வேதனையை எழுத இயலாது.

அன்றிலிருந்து தலைகளை எண்ணுவதை மட்டும் நம்புவதில்லை. எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குகிறேன். அவர் தம் எட்டுப் பேரின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதல் நாள் அமர்ந்த இருக்கையை யாரும் மாற்றக் கூடாது, ஏனெனில் பக்கத்து இருக்கைக்காரர்தான் முதலில் குறையை உணர்வார். எல்லாக் குழுக்களும் பெயர் சரிபார்த்த பிறகே ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மேலும், ஒவ்வொருவர் கழுத்திலும் வண்டி எண், நிறுத்திய இடத்தின் அடையாளம், இரண்டு கைப்பேசி எண்கள் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டை தொங்க வேண்டும். கூட்டத்தில் கைப்பேசி பல நேரம் தொடர்பு கிடைக்காமல் போகும். அட்டையைக் காட்டினால் யாரேனும் வழி காட்டுவார்கள்.

இறக்கிவிடும் இடங்களை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். எங்கள் வண்டி திரும்பும்போது மணப்பாறை, குளித்தலை, முசிறி, கடைசியில் துறையூர் என்று வரும். ஆகவே, துறையூர்க்காரர்களின் பைகள் முதலில் டிக்கிக்குள் போக வேண்டும். மணப்பாறைக்காரர்களின் பைகள் கடைசியில், கதவை ஒட்டி. ஓராண்டு இதைக் கவனிக்காததால், நள்ளிரவில் சாலையோரத்தில் எல்லாப் பைகளையும் கீழே இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. இறங்குமிடம் விளக்கு எரியும் கடைத்தெருவாக இருக்கட்டும், வண்டி வசதியாக நிற்கும் புறவழிச்சாலையாக வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன்பே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லச் செய்து, அழைத்துப்போக ஆள் வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே நான் வண்டியை நகர்த்தச் சொல்வேன். தாமதமாகிறது என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் வகுத்திருக்கும் நிறுத்தங்களையும் நேரங்களையும் எழுதி அனுப்புங்கள். மலைப்பாதை எந்த நேரத்தில் வருகிறது என்பதை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

தங்கள் அன்புள்ள,
இராமநாதன்