லோயர் கேம்ப்பில் ஜீப்பை நிறுத்திய அண்ணனுக்கு

எங்கள் நாய் மணி போன வாரம் இறந்துவிட்டான். திராட்சைத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. முகம் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது.

குமுளியிலிருந்து ஏலத்தோட்ட ஆட்களோடு இறங்கி வந்த அண்ணன் ஒருவர் கேட்காமலே ஜீப்பை நிறுத்தினார். கடிவாயை அறுக்கவோ கட்டுப்போடவோ விடவில்லை. "நடக்க விடாதீங்க, வெஷம் ஏறும்" என்று சாக்கை விரித்து, அசையாமல் தூக்கி வைத்தார். அக்காமார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கம்பத்தில் மருந்து ஏறியதும் ரத்தம் நின்றது. ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டிருந்தது. சிறுநீர் நின்றுபோய், மூன்றாம் நாள் போய்விட்டான்.

அந்த இரண்டு நாள் அவன் எங்கள் கையை நக்கிக்கொண்டு கிடந்தான். அது உங்களால் கிடைத்தது, அண்ணே. டீசல் காசுகூட வாங்கவில்லை நீங்கள். ரொம்ப நன்றி.