நெஞ்சுவலியோடு வருபவரிடம் முதலில் அட்வான்ஸா? தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பிரிவிலும், பிறகு அங்கேயே இன்சூரன்ஸ் டெஸ்கிலும் பல வருடம் வேலை பார்த்தவன். நீங்கள் லாபம் பார்க்கவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் கேத் லேபும் வென்டிலேட்டரும் வங்கிக் கடனில் வருகின்றன என்பது பில் போட்டவனுக்குத் தெரியாதா? மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நீங்கள் என்ன கட்டணம் வைத்தாலும் அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அந்த நோயாளி நாலு ஆஸ்பத்திரியில் விசாரித்து, சொந்தக்காரர்களிடம் கேட்டு, கொஞ்சம் பேரமும் பேசிவிட்டுத்தான் வந்து படுப்பார். என் பேச்சு கேஷுவாலிட்டி வாசலில் இறக்கப்படுபவரைப் பற்றி மட்டும்.

ஒரு மாரடைப்பு கேஸை எடுத்துக்கொள்வோம். இரவு 2 மணிக்கு, வியர்த்து வழிந்தபடி ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். ஈ.சி.ஜி. பார்த்ததுமே பெரிய அடைப்பு என்று டியூட்டி டாக்டருக்குப் புரிந்துவிடுகிறது. உடனே ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறக்க வேண்டும். உள்ளே வந்த 90 நிமிடத்துக்குள் அது நடக்க வேண்டும் என்பது இதய மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்குள் கவுன்ட்டரிலிருந்து குரல் வருகிறது: "ஒரு லட்சம் கட்டிட்டு வாங்க சார், கேத் லேப் டீமைக் கூப்பிட்டுடலாம்." அந்த நேரத்தில் எந்த அடகுக் கடை திறந்திருக்கும்? ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வேறு. மகன் வெளியே நின்று ஒவ்வொரு நம்பராகப் போன் போடுகிறான். 90 நிமிடத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத் தசை, பணம் வரும்வரை பொறுத்திருக்காது.

இதில் முதல் பத்து நிமிடச் சிகிச்சைக்குப் பெரிய செலவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் இலவசமாகத் தருவது 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. அடைப்பைத் திறந்த குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கும் 2017 பிப்ரவரியிலிருந்து உச்ச விலை உண்டு. அப்போது மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று வைத்தார்கள். இப்போதும் வரி நீங்கலாக 40,000-க்குள்தான். அப்படியிருந்தும் மொத்த பில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று எப்படி ஏறுகிறது?

பில்லின் பின்பக்கங்களைப் புரட்டினால் தெரியும். பலூன், வயர், கதீட்டர், கேத் லேப் வாடகை, ஐ.சி.யூ. நாள்கள், அப்புறம் சில்லறைச் சாமான்கள். ஐ.வி. லைனில் மாட்டும் 'த்ரீ-வே' என்றொரு சின்ன பிளாஸ்டிக் திருகு உண்டு. டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2018-ல் ஆராய்ந்தபோது, 5 ரூபாய் 77 காசுக்கு வாங்கிய த்ரீ-வே நோயாளியின் பில்லில் 106 ரூபாய் ஆகியிருந்தது. லாபம் 1,737 சதவீதம். இதில் விஷயம் என்னவென்றால், யாரும் எம்.ஆர்.பி.-க்கு மேல் விற்கவில்லை. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைக்கு ஏற்றபடி எம்.ஆர்.பி.-யே உயர்த்தி அச்சிடப்படுகிறது. விலைக் கட்டுப்பாடு உள்ள ஸ்டென்டில் இறங்குவதைக் கட்டுப்பாடு இல்லாத மற்ற சாமான்களில் ஏற்றிக்கொள்ளலாம். ஐ.சி.யூ.வில் கிடப்பவர், "த்ரீ-வேயை வெளியில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியுமா?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். இரவு முழுக்க டாக்டரும் டெக்னீஷியனும் விழித்திருக்க வேண்டும், கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் உண்டு, பணம் கட்டாமல் போகிறவர்களும் உண்டு, அந்தச் செலவை எங்கிருந்து எடுப்பது என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தயார்நிலைக்கான செலவு மருத்துவமனை முழுமைக்குமான செலவு. நாள் குறித்து வரும் அறுவை சிகிச்சைகளிலும் ஹெல்த் செக்கப்பிலும் அதைப் பரப்பலாம். எங்கே பேரம் பேச ஆள் இல்லையோ, அங்கேயே அதை முழுசாக இறக்கி வைப்பதைத்தான் நான் தவறு என்கிறேன்.

யாராவது பணம் தருவார்கள் என்று உறுதியானால் உங்கள் கதவு திறக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கையில் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது. தொடக்க வரம்பு 1 லட்சம் ரூபாய். 400-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அப்போதே சேர்ந்தன. ஆக, பைக்கிலிருந்து விழுந்து மண்டை உடைந்தவரிடம் அட்வான்ஸ் கேட்காமல் வேலையைத் தொடங்க உங்களால் முடிகிறது. அதே இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு மட்டும் ஏன் முடியவில்லை? முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்கு அட்டை வேண்டும், முன் அனுமதி வேண்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் கடைச் சிப்பந்திக்கு அது கிடையாது. ஒரு லட்சம் ரொக்கமும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்கள் வக்கீல்களுக்குத் தெரியும். பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பது அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்குமே கடமை என்று சொல்லிவிட்டது. பணம் யார் தருவது என்ற கேள்விதான் அப்படியே நின்றது. 2023 மார்ச்சில் ராஜஸ்தான், முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை தர வேண்டும், நோயாளியால் முடியாவிட்டால் அரசு ஈடுகட்டும் என்று சட்டம் போட்டது. தனியார் டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். எது அவசரம், எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்று அவர்கள் கேட்டதை வீம்பு என்று நான் ஒதுக்க மாட்டேன். கிளெய்ம் பணம் மாதக்கணக்கில் இழுத்தடித்ததை இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்து பார்த்தவன் நான்.

அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. அந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலை நீங்களே எழுதி அரசிடம் கொண்டுபோங்கள். மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி என்று பட்டியல் தெளிவாக இருக்கட்டும். நோயாளி நிலைப்படும் வரைக்குமான சிகிச்சைக்கு ஒரே பேக்கேஜ் கட்டணம், த்ரீ-வே முதல் ஐ.சி.யூ. வரை எல்லாம் அதற்குள். இத்தனை நாளுக்குள் பணம் வர வேண்டும், தாமதித்தால் வட்டி என்று கறாராகக் கேளுங்கள். விலை நிர்ணயம் சாத்தியமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020 ஜூனில் கொரோனா நோயாளிக்கு ஐ.சி.யூ. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று இதே தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இரண்டு உண்டு. கேஷுவாலிட்டி வாசலில் அவசரக் கட்டணப் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கேத் லேப் டீமை அழைக்கும் அதிகாரத்தை டியூட்டி டாக்டரிடம் கொடுத்து, அட்வான்ஸ் ரசீது எண் இல்லாமலும் அந்த அழைப்பு போகும்படி உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றுங்கள். பணத்தைப் பற்றி மகனிடம் காலையில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முன்னாள் பில்லிங் ஊழியர் ஒருவர்
திருச்சி