உன் அறிமுக உரையைக் கேட்டோம்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

பள்ளி விழாவில் பழைய தலைமையாசிரியரை அறிமுகம் செய்ய நீ பதிந்து அனுப்பியதை அம்மாவும் நானும் கேட்டோம். "என் குரலே எனக்குச் சகிக்கல" என்று எழுதியிருந்தாய். அதைக் கணக்கில் சேர்க்காதே. பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் நம் காதுக்குப் போகிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கு அது உன் வழக்கமான குரல்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடைபோடாமல், ஒரு தடவைக்கு ஒன்று என்று கேள்.

முதலில் நேரம். 3 நிமிடம் 40 விநாடி வருகிறது. அறிமுகத்துக்கு 2 நிமிடமே தாராளம். பிரமுகர்களை விளிப்பதில் 50 விநாடி, உன் பள்ளிக்கால நினைவுகளில் 35 போய்விட்டது. அவர் அன்று எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பதற்கு வெறும் 10. விளிப்பை நெறியாளர் ஏற்கெனவே முடித்திருப்பார். நீ ஒரு வரியில் வணங்கிவிட்டு விஷயத்துக்குப் போ.

அடுத்தது தெளிவு. கைப்பேசியை வரவேற்பறையில் வைத்துவிட்டு, சமையலறையில் குழாயைத் திறந்துவைத்தபடி அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "பயிற்சிக் கல்லூரியில என்னமோ பண்ணாருன்னு சொல்றா, படிச்சாரா, சொல்லிக் கொடுத்தாரா?" என்றாள். வாக்கியம் முடியும் இடத்தில் உன் குரல் இறங்கிவிடுகிறது. தமிழில் வினை கடைசியில்தானே வரும், அதை விழுங்கினால் செய்தியே போச்சு. அவர் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு விடு. இதையெல்லாம் பேசிய நீயே கண்டுபிடிப்பது கஷ்டம், வார்த்தை உனக்கு முன்பே தெரியும். எழுத்தைப் பார்க்காத ஒருவரைக் கேட்கச் சொல்.

சரிபார்க்க மட்டும் தாளும் பென்சிலும் எடு. பெயர், பட்டம், ஆண்டு, ஊர் வரும் இடமெல்லாம் பதிவை நிறுத்தி, யார் சொன்னது என்று பக்கத்தில் எழுது. டத்தோவும் டத்தோஸ்ரீயும் ஒன்றல்ல, அவரிடமே கேட்டுவிடு. "1816-இல் பினாங்கில் முதல் தமிழ்ப்பள்ளி" என்கிறாய். அந்த ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது தமிழ் வகுப்பு, தனிப் பள்ளி அல்ல. கூட்டத்தில் பாதிப் பேர் ஆசிரியர்கள், விடமாட்டார்கள்.

பாசம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அவர் பெயர் இருக்கும் இடத்தில் வேறொருவர் பெயரைப் போட்டுப் பார். "சீரிய சிந்தனையாளர், செயல்வீரர்" யாருக்கும் பொருந்தும், வெட்டிவிடு. மழை நாளில் எஸ்டேட் பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றி லயத்து வாசலில் இறக்கிவிட்டதைச் சொன்னாயே, அது அவருக்கு மட்டும்தான் பொருந்தும். அங்கே உன் குரலும் தானாக இளகியது.

உற்சாகத்துக்கு முதல் 15 விநாடியையும் கடைசி 15 விநாடியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள். உனக்குக் கடைசியில் சோர்ந்துவிடுகிறது. நேரம் குறைந்தால் பாதி சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். பெயரைச் சொல்லி அழைக்கும் வரியை மட்டும் மனப்பாடமாகச் சொல், தாளைப் பார்க்காதே.

புதிதாகப் பதிந்ததை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. சனிக்கிழமை அம்மாவுக்குக் கோவில் வேலை இருக்கிறது.

அப்பா