பாஸ்த்ரூவில் தாமதம்: கப்சர் கார்டை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணம்

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று மட்டும்தான் பதில் வந்தது. இதையாவது யாராவது கடைசி வரை வாசியுங்கள், தயவுசெய்து.

கேமை வீடியோவாகப் பதிவு செய்ய வாங்கிய உங்கள் கப்சர் கார்டை பிளேஸ்டேசன் 5க்கும் டிவிக்கும் நடுவில் போட்டால், பட்டனை அமத்திக் கொஞ்சம் பொறுத்துத்தான் ஆள் குதிக்கிறான். லப்டொப்பில் OBS காட்டும் படம் பிந்தும் என்பது எனக்கும் தெரியும், அது யூ.எஸ்.பி. வழியாக மென்பொருளுக்குள் போய் வருவது. நான் சொல்வது டிவியில் வரும் படத்தை. உள்ளே வந்த சிக்னலைப் பிரித்து, ஒரு பங்கைத் தொடாமல் அப்படியே டிவிக்கு விடுவதுதானே பாஸ்த்ரூ? பெட்டியில் "தாமதமில்லை" என்று அச்சடித்தது நீங்கள்தான்.

போனில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில், கொன்ட்ரோலரும் டிவியும் ஒன்றாகத் தெரிய எடுத்து, விரல் அமர்ந்ததிலிருந்து ஆள் அசையும் வரை எண்ணினேன். நேரே டிவிக்கு 20 பிரேம், கார்ட் வழியாக 44. கூடியது 24 பிரேம், விநாடியில் பத்தில் ஒரு பங்கு. தாமதத்தைக் குறைக்கும் டிவியின் கேம் மோடை இரண்டு தடவையும் கையாலேயே போட்டேன், ஏனென்றால் கார்ட் நடுவில் வந்ததும் அது தானாக அணைந்துவிடுகிறது.

வவுனியாக் கிளைக்கு வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. மாங்குளத்தில் காலை பஸ் ஏறி, கொன்சோலை மடியில் வைத்துக்கொண்டு வந்தால், கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறக்கவேயில்லை. "வன்னிப் பக்கம் இன்டர்நெட் ஸ்லோதானே தம்பி, அதுதான் பிந்துது" என்றார். ஐயா, எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவிக்குப் போகும் படத்துக்கு இன்டர்நெட் எதற்கு? நான் சோதித்தது வைஃபையை நிறுத்திவிட்டு, தனியாள் கேமில். சொன்னேன். "அப்ப லப்டொப் பழசு." லப்டொப்பைக் கழற்றி, போன் சார்ஜரில் கார்டுக்குக் கரண்ட் கொடுத்தும் அதே 44 தான் என்றதும், சிரித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

அதற்கு முதல் போனில் பேசியவர் மூன்று தரம் கொன்சோலில் நகலெடுப்பைத் தடுக்கும் Enable HDCP ஐ அணைக்கச் சொன்னார். அது முதல் நாளே அணைத்தது. அது போட்டிருந்தால் OBSஇல் ஒன்றும் பதிவாகாது, டிவி பிந்தாது. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்கிறேன், பாருங்கள்.

மூன்று மாதமாக ஒரு வீடியோ கூட இல்லை, சனல் செத்தே போய்விட்டது, லட்சக்கணக்கில் நட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

14 நாளில் தாமதமில்லாத கார்டோ பணமோ தாருங்கள். இல்லையென்றால் 1977க்குக் கோல் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன், அந்த ஸ்லோமோஷன் வீடியோவும் கூடவே போகும். கார்டை எடுக்க ஆளை இங்கே அனுப்புங்கள். கொன்சோலை மடியில் வைத்து இன்னொரு தரம் பஸ்ஸில் வர என்னால் முடியாது.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்