அமாவாசைக் கூட்டத்தை எண்ண பாலம் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆடி அமாவாசைக்கு மறுநாள் தங்கள் நாளிதழில் வந்த ராமேஸ்வரம் செய்தியைப் படித்தேன். 'லட்சக்கணக்கான பக்தர்கள் அக்னி தீர்த்தத்தில் நீராடினர்' என்று இருந்தது. தை அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் இதே வரிதான் வருகிறது. நான் இந்த ஊரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அந்த லட்சத்தை யார் எப்படி எண்ணினார்கள் என்று ஒரு செய்தியிலும் கண்டதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. அந்தக் கணக்கு வழக்கமாக இங்கே வசிப்பவர்களுடையது. விடுதியில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போகிற யாத்திரிகரை அவருடைய சொந்த ஊரில்தான் எண்ணுவார்கள். அதனால் இந்த எண்ணை வைத்துக் குழாயும் கழிப்பறையும் போட்டால், அமாவாசையன்று ஊர் தத்தளிக்காமல் என்ன செய்யும்?

தமிழ்நாட்டின் மற்ற கோயில் ஊர்களுக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு. இது தீவு. சாலைப் பாலம் ஒன்று, ரயில் பாலம் ஒன்று. வருகிறவர் எவரும் இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டித்தான் வர வேண்டும். சாலைப் பாலத்தின் கரைப்பக்கத்தில், மண்டபம் ஊர் முனையில் இரண்டு பேர் நின்று, உள்ளே வரும் வண்டிகளை ஒருவரும் வெளியே போகும் வண்டிகளை மற்றவரும் எண்ணினால் போதும். நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மணியிலும் கால் மணி நேரம் எண்ணி நான்கால் பெருக்கலாம். பேருந்து, வேன், கார் என்று தனித்தனிக் கோடுகள். நான்கு நேர்கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற பழைய முறையே இதற்குப் போதும். பத்து வண்டிக்கு ஒன்றில் தலைகளை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். அரசுப் பேருந்துக்கு அதுகூட வேண்டாம், கண்டக்டரின் டிக்கெட் மிஷினிலேயே கணக்கு இருக்கிறது.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் நாள் நண்பகல் தொடங்கி 24 மணி நேரத்தில் 900 பேருந்துகள், தலா 50 பேர். 1,500 வேன்கள், தலா 14 பேர். 4,000 கார்கள், தலா 5 பேர். மொத்தம் 86,000. இவர்கள் எல்லாருமே அமாவாசைக்கு வந்தவர்கள் அல்லர். தீவிலேயே குடியிருக்கும் பாம்பன்காரரும் தங்கச்சிமடத்துக்காரரும் இதே பாலத்தில்தான் போய் வருகிறார்கள். அதனால் விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையிலும் இதே போல எண்ண வேண்டும். அன்றைக்கு 30,000 என்று வந்தால், அமாவாசை கூட்டிக்கொண்டு வந்தது 56,000. அந்த 30,000-க்குள்ளும் காசியிலிருந்து கங்கை நீரோடு வருகிற வடநாட்டு யாத்திரிகர் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் அமாவாசை பார்த்து வருவதில்லை, ஆண்டு முழுக்க வருகிறார்கள். ஆகவே இந்தக் கழித்தல் நமக்குத் தருவது கூடுதலாக வந்த கூட்டத்தை மட்டுமே. மொத்த யாத்திரிகர் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

ரயில் கணக்கையும் தனியாகச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ரயிலில் வந்தவர்களும் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிச் சாலை வழியாகத்தான் வந்தார்கள். அந்த ஆண்டுகளின் சாலைக் கணக்கை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால், கூட்டம் குறையாமலேயே குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

அக்னி தீர்த்தக் கடற்கரையில் நின்று பார்த்துக் கணிப்பவர்கள் தவறுவது வேறோர் இடத்தில். கரையில் 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், 2,000 சதுர மீட்டர். தர்ப்பணத்துக்கு உட்காருகிறவர், துணி மாற்றுகிறவர், பை காக்கிற பாட்டி எல்லாரையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால், ஒரே நேரத்தில் நிற்பது 4,000 பேர். விடியற்காலை 4 மணி முதல் நண்பகல் வரை எட்டு மணி நேரம். ஒருவர் குளித்துத் தர்ப்பணம் முடித்துக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆனால், அந்த இடத்தில் எட்டு முறை ஆள் மாறும், 32,000 பேர். நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டால் 48,000. ஒன்றரை மணி ஆனால் 21,000 சொச்சம். நெருக்கத்தைக் கண்ணால் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்பதை யாரும் அளப்பதில்லை, மொத்த எண் இருமடங்குக்கு மேல் ஆடுவது அதனால்தான். கரைக்கு வரும் இருபது குடும்பங்களைக் கடிகாரத்தோடு கவனித்தாலே இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும்.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கு விற்கும் டிக்கெட்டை வைத்துச் சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்லலாம், ஆனால் தீர்த்தமாடாமல் போகிறவர்களின் பங்கும் தெரிய வேண்டும். வெளியே வருகிறவர்களில் இருபதுக்கு ஒருவரை நிறுத்தி, 'கிணற்றுத் தீர்த்தம் ஆடினீர்களா?' என்று கேட்க வேண்டும். 600 பேரில் 240 பேர் ஆமாம் என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. 18,000 டிக்கெட் விற்றிருந்தால் கூட்டம் 45,000. காலையில் மட்டும் கேட்டால் தீர்த்தமாடியவர்களே அதிகம் அகப்படுவார்கள், எண் தவறும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. கிணற்று மேடையில் வாளியோடு நிற்கிறவர் ஒரு நிமிடத்தில் இறைக்கக்கூடிய வாளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. வரிசை நீண்டால் பலர் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு நேரே தரிசனத்துக்குப் போய்விடுவார்கள். கூட்டம் ஏறிக்கொண்டே போகும், டிக்கெட் எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்கும். சாதாரண நாளின் விகிதத்தை அமாவாசைக்குப் பெருக்கினால், கூட்டம் மிக அதிகமான நாளில்தான் கணக்கு மிகக் குறைவாக வரும்.

மேலே சொன்ன பாலக் கணக்கில் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதை மணிக்கு மணி கழித்துப் பாருங்கள். காலை 9 மணிவரை வந்தது 70,000, போனது 15,000 என்றால், அந்த நேரத்தில் தீவில் கூடுதலாக நிற்பது 55,000. கழிப்பறை எத்தனை, வண்டி நிறுத்த எவ்வளவு இடம், நெரிசலில் எந்தத் தெருவை ஒருவழியாக்குவது என்பதெல்லாம் இந்த உச்ச நேர எண்ணைப் பொறுத்தவை. குடிநீருக்கோ தங்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் திரும்புகிற 50,000 பேரும், இரண்டு நாள் விடுதியில் குளித்துச் சமைத்துத் தங்குகிற 10,000 பேரும் ஊருக்கு வைக்கிற செலவு ஒன்றல்ல. 'இத்தனை லட்சம்' என்கிற ஒற்றை எண்ணில் இந்த வேறுபாடு முழுக்க மறைந்துவிடுகிறது. சென்ற அமாவாசையன்று எங்கள் தெருக்கோடியில் திருச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஈர வேட்டியோடு வீடு வீடாகக் கழிப்பறை கேட்டு நின்றார். எண்பது வயது இருக்கும். அவரை உள்ளே அழைத்தபோது அவர் கண் கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எண் எழுதும்போது, அதைச் சொன்னவர் யார், எந்த முறையில் கணித்தார், ஒரே நேரத்தில் இருந்தவர்களா நாள் முழுக்க வந்தவர்களா என்ற மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வரும் தை அமாவாசைக்கு முதல் நாள் நண்பகலிலிருந்து பாலமுனையில் எண்ண, என் பழைய மாணவர்கள் சிலரும் நானும் தயாராக இருக்கிறோம். நகராட்சியும் காவல்துறையும் அனுமதித்தால், மணிவாரியான தாள்களை அன்றிரவே அவர்களிடமும் தங்களிடமும் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ராமேஸ்வரம்.